112 புள்ளி எடுத்த மூன்று வசனம்: வாசிப்பு எளிமைக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கோண்டாவில் கலா | ஜூலை 3, இரவு 8.40

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி கரைச்சுக் கொடுக்கிறது பற்றிப் பொதுச் சனத்துக்கு ஒரு பக்கம் எழுதவேணும். அதின்ர முக்கியமான மூன்று வசனம் இதுதான்:

"பொதியைத் தண்ணீரில் கரையுங்கள். பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு நாள் வைக்கலாம்."

இணையத்தில இருக்கிற ஒரு கணிப்பானில போட்டன். Flesch Reading Ease 112.4 எண்டு வந்தது. 90க்கு மேல எண்டால் மிக இலகு எண்டு பக்கத்திலயே போட்டிருக்கு. ஆனால் வாசிச்ச இரண்டு பேரும் "எவ்வளவு தண்ணி?" எண்டுதான் முதல் கேட்டவை. புள்ளி நல்லாயிருக்கு, வாசிச்ச ஆக்களுக்கு விளங்கேல்லை. எதை நம்புறது?

ரூபன், தட்டாதெரு | ஜூலை 3, இரவு 9.05

112 எண்டால் பிரச்சினையே இல்லை. அந்தச் சூத்திரம் இரண்டு விசயத்தைத்தான் பார்க்கும்: வசனம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு நீளம். இரண்டும் குறைஞ்சால் புள்ளி ஏறும். உங்கட வசனம் மூன்று சொல்லுக்குள்ள முடியுது, அதாலதான் புள்ளி கூட. தண்ணி அளவைச் சேர்த்துவிடுங்கோ, மற்றதெல்லாம் சரி.

நிலாவரை | ஜூலை 3, இரவு 10.30

ரூபன், சூத்திரம் எதைப் பார்க்கும் எண்டு சொன்னது சரி. 112 எங்கயிருந்து வந்தது எண்டதுதான் பிழை. சூத்திரத்தைப் பாருங்கோ:

```
206.835 - 1.015 × (சொற்கள் ÷ வசனங்கள்) - 84.6 × (உயிரொலிகள் ÷ சொற்கள்)
```

ருடொல்ஃப் ஃப்ளெஷ் இதை 1948இல் ஆங்கிலத்துக்காகச் செய்தவர். ஒரு சொல்லுக்கு ஒரு உயிரொலி, ஒரு வசனத்துக்கு ஒரு சொல் எண்டு எழுதினால் கிடைக்கக்கூடிய ஆகக் கூடின புள்ளி 121.22. உங்களுக்கு வந்திருக்கிறது 112.4. அப்படியெண்டால் கணிப்பான் உங்கட எல்லாச் சொல்லையும் ஒற்றை உயிரொலிச் சொல்லாக எண்ணியிருக்கு. "கரையுங்கள்" எண்டதில க, ரை, யு, க எண்டு நாலு கேட்குது. கணிப்பான் தேடுறது a, e, i, o, u. தமிழில அது ஒண்டும் அகப்படாது, ஆனபடியால் குறைஞ்ச பட்சம் ஒண்டு எண்டு போட்டுவிடும்.

ஒண்டு செய்து பாருங்கோ. "தமிழ்" எண்ட ஒரே சொல்லை மட்டும் அதில போட்டு, எத்தனை சொல் எண்டு காட்டுது எண்டு சொல்லுங்கோ.

கோண்டாவில் கலா | ஜூலை 4, காலை 6.50

2 சொல் எண்டு காட்டுது!

நிலாவரை | ஜூலை 4, காலை 7.40

அப்ப நான் நேற்று எழுதினது பாதிக் கதைதான். உயிரொலி மட்டுமில்லை, சொல்லெண்ணிக்கையும் பிழை.

கனக்கக் கணிப்பான்கள் சொல்லைப் பிரிக்க `\w+` எண்ட கோலத்தைப் பாவிக்கினம். பைதனில் அது எழுத்தையும் இலக்கத்தையும் பிடிக்கும். எங்கட கொம்பு, கால், விசிறி, குற்று ஒண்டையும் எழுத்தாக எடுக்காது. அந்த இடத்தில சொல் முறிஞ்சுபோகும். "தமிழ்" எண்டது "தம", "ழ" எண்டு இரண்டு துண்டாகும்.

இனிக் கலாவின்ர வசனத்தை அப்படியே முறிச்சுப் பார்ப்பம். "பொதியைத்" நாலு துண்டு: ப, த, ய, த. "தண்ணீரில்" நாலு: தண, ண, ர, ல. "கரையுங்கள்" நாலு: கர, ய, ங, கள. முதல் வசனம் 12 துண்டு. இரண்டாவதில 10, மூன்றாவதில 7. மொத்தம் 29 துண்டு, மூன்று வசனம். உண்மையான சொல் எட்டுத்தான்.

29ஐ 3ஆல் பிரிச்சால் 9.67. அதை 1.015ஆல் பெருக்கினால் 9.81. 206.835இல் இருந்து 9.81ஐயும் 84.6ஐயும் கழிச்சால் 112.42. கணிப்பான் தந்த அதே புள்ளி. உங்கட எழுத்தின்ர எளிமையை அது அளக்கவேயில்லை, குற்றும் கொம்பும் எத்தனை இடத்தில வந்தது எண்டதை அளந்திருக்கு.

அச்சகத்தான், கே.கே.எஸ். வீதி | ஜூலை 4, காலை 10.15

வாசிக்க இலகுவா இருக்கவேணும் எண்டால் முதல் எழுத்தின்ர அளவைப் பாருங்கோ. துண்டுப்பிரசுரம் 9 புள்ளி அளவில அடிச்சுத் தாங்கோ எண்டு வருகினம், வயதுபோன சனம் கண்ணாடி போட்டும் வாசிக்க ஏலாது. 12க்குக் குறையக் கூடாது. வரிக்கு வரி இடைவெளி விடவேணும். பாமினி எழுத்துருவில அடிச்சுக் கொண்டுவந்தால் எங்களுக்கும் லேசு.

நிலாவரை | ஜூலை 4, மதியம் 12.20

அண்ணை, கலா கேட்டது வேற "புள்ளி". எண்டாலும் நீங்கள் சொன்ன இரண்டு விசயம் இங்க பொருந்துது. எழுத்தின்ர அளவும் வரி இடைவெளியும் இந்தக் கணக்குகள் எதிலயும் வராது. அதை வாசிக்கிறவர்தான் உணருவார்.

இரண்டாவது, பாமினி. அதில அடிச்ச "தமிழ்" கொம்பியூட்டருக்கு உள்ள `jkpo;` எண்டுதான் இருக்கும். திரையில மட்டும்தான் தமிழ். அதை அப்படியே கணிப்பானில போட்டால், அது ஏதோ ஆங்கிலம் எண்டு எடுத்து ஒரு புள்ளியைத் தரும். பிழைச் செய்தி ஒண்டும் வராது, அதுதான் ஆபத்து. முதல் யூனிகோடுக்கு மாற்றவேணும்.

ரூபன், தட்டாதெரு | ஜூலை 4, இரவு 8.10

சரி, கணிப்பான் பிழை, சூத்திரம் பிழையில்லை எண்டு எடுக்கிறன். தமிழில உயிரொலி எண்ணுறது ஆங்கிலத்தைவிடச் சுகம். மெய்யெழுத்துக்களையும் உயிரெழுத்துக்களையும் கூட்டி, குற்றைக் கழிச்சால் போதும்.

```python
import re
def uyiroli(s):
    mey = len(re.findall(r'[\u0B95-\u0BB9]', s))
    uyir = len(re.findall(r'[\u0B85-\u0B94]', s))
    return mey + uyir - s.count('\u0BCD')
def sol(s):
    return re.findall(r'[\u0B80-\u0BFF]+', s)
```

கலாவின்ர மூன்று வசனத்துக்கு 8 சொல், 22 உயிரொலி வருது. ஆனால் சூத்திரத்தில போட்டால் −28.5! சத்தமில்லாமல் எங்கயோ பிழைச்சிட்டுது எண்டு நினைக்கிறன்.

சாவகச்சேரி ரீச்சர் | ஜூலை 4, இரவு 9.30

தம்பி எண்ணினது எங்களுக்குப் புதிசில்லை. கட்டளைக் கலித்துறையில ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவம்: நேரசையில் தொடங்கின அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. குற்றுள்ள எழுத்தை விட்டிட்டு எண்ணுறது அதேதானே.

ஆனால் ஏன் எழுத்தை எண்ணவேணும்? அசையை எண்ணினால் என்ன? அசைதான் தமிழுக்கு இயல்பான அளவு.

நிலாவரை | ஜூலை 5, காலை 7.15

ரீச்சர், ஒற்று நீக்கி எண்ணுறது எண்ட ஒப்புமை அச்சொட்டாப் பொருந்துது, நான் யோசிக்கேல்லை. அசைக்கு மாற்றினால் மட்டும் சிக்கல் வரும். "சமை" யாப்பில ஒரு நிரையசை, வாயால சொல்லேக்க இரண்டு உயிரொலி. "பால்" ஒரு நேரசை, ஒரு உயிரொலி. சூத்திரம் எதிர்பார்க்கிறது உயிரொலியை. நிரையசை கூடின எழுத்து காரணமில்லாமல் இலகுவாகத் தெரியும்.

ரூபன், உங்கட நிரலில பிழையில்லை. −28.5 சரியான விடைதான். "அம்மா சோறு சமைக்கிறா" எண்ட வசனத்தைப் போட்டுப் பாருங்கோ. 3 சொல், 8 உயிரொலி. Flesch −21.8. 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கின்கெயிட் ஆக்கள் செய்த வகுப்புச் சூத்திரம் Flesch-Kincaid Grade இருக்கே, அது இந்த வசனத்துக்கு 17ஆம் வகுப்பு எண்டு சொல்லும். சின்னப் பிள்ளை கதைக்கிற வசனம் பல்கலைக்கழகத்தையும் தாண்டிப் போகுது.

காரணம் அந்த 84.6. ஆங்கிலத்தில ஆர், எப்ப, எதில எண்டதைத் தனித்தனிச் சின்னச் சொல்லுகள் சொல்லும். நாங்கள் அதையெல்லாம் சொல்லின்ர வாலில ஒட்டுறம். "தண்ணீரில்" எண்டதில "இல்" ஒட்டினது வாசிக்கிறவருக்கு ஒரு பாரமுமில்லை. சூத்திரத்துக்கு அது ஒரு உயிரொலி கூட. 206.835, 1.015, 84.6 மூன்றும் ஆங்கில வாசகரை வைச்சுப் பொருத்தின எண்கள். தமிழுக்கு உயிரொலியைச் சரியா எண்ணினாலும் அந்த அட்டவணையோட ஒப்பிட ஏலாது.

நிலாவரை | ஜூலை 5, காலை 7.50

மேல எழுதினதுக்கு ஒரு தொடர்ச்சி. அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்டு இருக்கு, இடைவெளி.

"வாந்தியெடுத்தபின் பத்துநிமிடம் பொறுத்துக்கொடுக்கவேண்டும்." இது 3 சொல், 19 உயிரொலி. புள்ளி −332.

"வாந்தி எடுத்த பின் பத்து நிமிடம் பொறுத்துக் கொடுக்க வேண்டும்." இது 8 சொல், அதே 19 உயிரொலி. புள்ளி −2.2.

இரண்டையும் சத்தமா வாசிச்சால் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இடைவெளிக் கட்டையை ஐந்து தரம் தட்டினதுக்கு 330 புள்ளி ஏறியிருக்கு. சேர்த்து எழுதினதை வாசிக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் 330 அளவுக்கு இல்லை. எழுதுற ஆளின்ர பழக்கம்தான் அந்தப் புள்ளியில கூடத் தெரியுது. ஆனபடியால் இரண்டு பேரின்ர தமிழ்க் கட்டுரையை இந்தப் புள்ளியால ஒப்பிடாதேங்கோ.

ரூபன், தட்டாதெரு | ஜூலை 5, மாலை 6.30

அப்ப LIX பாவிப்பம். 1968இல் சுவீடனில் பியோர்ன்சன் செய்தது. உயிரொலி தேவையில்லை, வசன நீளத்தையும், 6 எழுத்துக்கு மேல உள்ள சொல் நூற்றுக்கு எத்தனை எண்டதையும் மட்டும் பார்க்கும். மொழி எதுவா இருந்தாலும் சரிவரும்.

நிலாவரை | ஜூலை 5, இரவு 9.00

எந்த எழுத்து? `len("தண்ணீரில்")` எண்டு கேட்டால் பைதன் 9 சொல்லும். நாங்கள் எண்ணினால் த, ண், ணீ, ரி, ல் எண்டு 5. கொம்பியூட்டர்க் கணக்கில "தண்ணீரில்" நீளச் சொல், எங்கட கணக்கில இல்லை. 6 எண்ட எல்லையும் சுவீடிஷ் சொற்களைப் பார்த்து வைச்சது. எல்லையைத் தமிழுக்கு எங்க வைக்கிறது எண்டு வாசகரை வைச்சுச் சோதிச்சு முடிவெடுக்காமல், எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கோண்டாவில் கலா | ஜூலை 6, காலை 6.40

அப்ப ஒண்டுக்கும் உதவாதா? எனக்கு ஒரு பிடி வேணும். நாலு பேர் எழுதித் தருகினம், எல்லாத்தையும் நான்தான் திருத்தவேணும்.

நிலாவரை | ஜூலை 6, காலை 8.20

உதவும். வசன நீளம் தமிழிலயும் நல்ல அளவுதான், முக்கியமா எங்கட வினைச்சொல் கடைசியில வாறபடியால். இப்படி ஒரு வசனம் வந்தது எண்டு வைப்பம்:

"வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்டு உடலிலுள்ள நீரையும் உப்பையும் இழந்து சோர்வடைந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கொதித்தாறிய நீரில் கரைத்து எடுக்கப்பட்ட ஜீவனியை, ஒவ்வொரு முறை கழிந்ததன் பின்னரும் கொடுத்து வர வேண்டும்."

20 சொல். ஆருக்கு எண்டது 8ஆவது சொல்லில வருது, எதை எண்டது 13இல். என்ன செய்யவேணும் எண்டதுக்கு வசனம் முடியுமட்டும் காத்திருக்கவேணும். அதுவரைக்கும் முன்னால வந்த எல்லாத்தையும் தலையில சுமக்கவேணும். ஆங்கிலத்தில 20 சொல் வசனத்தில வினை முன்னுக்கே வந்திடும், எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே கலா, மொத்தப் புள்ளியை விட்டிடுங்கோ. நாலு பேர் தந்த ஒவ்வொண்டிலயும் ஆக நீளமான ஐந்து வசனத்தை மட்டும் எடுத்துப் பாருங்கோ. செய்முறை சொல்லுற பகுதியில 12 சொல்லுக்கு மேல போனால் நான் முறிச்சுப் பார்ப்பன். அந்த 12 என்ர கைப்பழக்கம், விதியில்லை. ஒரே ஆள் எழுதின முதல் வரைவையும் திருத்தின வரைவையும் ஒப்பிட வசன நீளம் நம்பக்கூடியது.

எண்ண முன்னம் இரண்டைத் துப்புரவாக்குங்கோ. "மு.ப. 8.30" எண்டு இருந்தால் கணிப்பான் அந்தக் குற்றுகளில வசனம் முடிஞ்சுது எண்டு நினைக்கும், சராசரி பொய்யாக் குறையும். பட்டியலில முற்றுப்புள்ளி போடாட்டி எட்டு வரியும் ஒரே வசனமாகும், சராசரி பொய்யா ஏறும்.

மருந்து கொடுக்கிற பிள்ளை, சுன்னாகம் | ஜூலை 6, இரவு 9.45

புள்ளியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஜீவனி வாங்கிற ஆக்கள் என்ன பிழை விடுகினம் எண்டு சொல்லுறன், கலா அக்கா அதை எழுதட்டும்.

ஒரு பொதி ஒரு லீற்றருக்கு. சிலர் ஒரு கிளாஸ் தண்ணிக்குக் கொஞ்சம் கொட்டிக் கரைச்சிட்டு மிச்சத்தைச் சுருட்டி வைப்பினம். அளவு ஒருக்காலும் சரிவராது. உப்புக் கூடிக் கரைச்சால் பிள்ளைக்குக் கூடாது.

மற்றது "ஒரு போத்தல் தண்ணி" எண்டு எழுதிப்போடாதேங்கோ. எங்கட சனத்துக்குப் போத்தல் எண்டால் 750 மில்லிலீற்றர், பாலும் எண்ணெயும் அந்தக் கணக்கிலதானே வாங்கினது. இளம் ஆக்கள் கடையில வாங்கிற 1.5 லீற்றர்ப் போத்தலை எடுப்பினம். ஒருத்தர் கரைக்கிறது மூன்றில ஒரு பங்கு கூடத் தடிப்பு, மற்றவர் கரைக்கிறது மூன்றில ஒரு பங்கு தடிப்புக் குறைவு.

நிலாவரை | ஜூலை 6, இரவு 10.50

இதைத்தான் நான் சுத்திச் சுத்திச் சொல்ல வந்தனான், பிள்ளை ஒரே சொல்லில காட்டிட்டுது. "லீற்றர்" 2 உயிரொலி, "போத்தல்" 2 உயிரொலி. ஒண்டை எடுத்திட்டு மற்றதைப் போட்டால் எந்தச் சூத்திரத்திலயும் ஒரு புள்ளியும் அசையாது. பழகின சொல் எண்டு பார்த்தாலும் போத்தல்தான் கூடப் பழகினது. பழகினபடியால்தான் ஆளுக்கு ஒரு அளவு நினைக்கினம்.

இன்னொண்டு. "பாதியை வைக்க வேண்டாம்", "பாதியை வைக்க வேண்டும்". டா, டு. ஒரு எழுத்து மாறினால் அறிவுரை தலைகீழ், புள்ளி அதே புள்ளி. மூன்று வசனத்தையும் இடம் மாற்றி, கொடுத்த பிறகு கரைக்கச் சொன்னாலும் அதே புள்ளி.

கோண்டாவில் கலா | ஜூலை 7, காலை 7.00

திருத்தினது:

"முழுப் பொதியையும் ஒரே தடவையில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். பாதியைக் கரைத்து மீதியை வைக்க வேண்டாம். ஒரு நாள் கழிந்தால் எஞ்சியதை ஊற்றி விடுங்கள்."

ரூபன்ர நிரலில: 20 சொல், 56 உயிரொலி. −36.8. முதல் எழுதினது −28.5. ரூபன், கூடாமல் போயிருக்கு!

ரூபன், தட்டாதெரு | ஜூலை 7, காலை 8.15

பார்த்தன் அக்கா. சொல்லுக்கு 2.75 உயிரொலி இருந்தது 2.8 ஆயிருக்கு, அது ஒண்டுமில்லை எண்டு சொல்லலாம், ஆனால் புள்ளியில பாதிக்கு மேல அதுதான் இழுத்தது. மிச்சம் வசன நீளம் 2.7இல் இருந்து 6.7க்குப் போனது. "எவ்வளவு தண்ணி" எண்ட கேள்விக்கு விடை சொன்னதுக்குத்தான் இந்தத் தண்டனை. நான் முதல் நாள் "மற்றதெல்லாம் சரி" எண்டு எழுதினதைத் திருப்பி எடுக்கிறன்.

எண்டாலும் நாலு பேருக்கு வேலை கொடுக்கேக்க ஒரு எண் இல்லாமல் முடியாது எண்டதில மாற்றமில்லை. வசன நீளச் சராசரியை எண்டாலும் எழுதி வைப்பம்.

நிலாவரை | ஜூலை 7, இரவு 9.10

வையுங்கோ, அதோட ஆக நீளமான வசனத்தின்ர சொல்லெண்ணிக்கையையும் பக்கத்தில வையுங்கோ. சராசரி 6 எண்டு இருக்கிற கட்டுரைக்குள்ள ஒரு 25 சொல் வசனம் ஒளிஞ்சிருக்கும்.

விளங்கினதா எண்டு பார்க்க வில்சன் ரெய்லர் 1953இல் சொன்ன முறை ஒண்டு இருக்கு. ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழிச்சு வெறும் கோடு போட்டு, வாசிக்கிறவரை நிரப்பச் சொல்லுறது. அதே சொல்லை எழுதினால்தான் அவர் புள்ளி கொடுத்தவர். தமிழில அப்படிக் கறாராப் பார்த்தால் "தண்ணீரில்" எண்ட இடத்தில "நீரில்" எண்டு எழுதினவரும் பிழையாப் போவார். நான் அதைச் சரி எண்டு எடுப்பன். வேற்றுமை உருபு மாறினால் எடுக்கமாட்டன், "தண்ணீரை" எண்டு எழுதினவருக்கு வசனம் பிடிபடேல்லை.

ஜீவனிக்கு அதைவிடச் சுருக்கமான சோதனை இருக்கு. தாளை வாசிக்கக் கொடுத்திட்டு வாங்கி வையுங்கோ. ஒரு பொதி, ஒரு கிளாஸ், 750 போத்தல், ஒரு லீற்றர்ப் போத்தல், 1.5 லீற்றர்ப் போத்தல் எல்லாத்தையும் மேசையில வைச்சு, "இப்ப செய்து காட்டுங்கோ" எண்டு சொல்லுங்கோ. கை எதுக்குப் போகுது எண்டு மட்டும் பாருங்கோ. "விளங்கினதோ?" எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

சாவகச்சேரி ரீச்சர் | ஜூலை 8, மாலை 5.20

"ஒரு நாள் கழிந்தால்" எண்டதையும் பாருங்கோ பிள்ளை. பின்னேரம் கரைச்சவை, இரவு படுத்தெழும்பினால் ஒரு நாள் முடிஞ்சுது எண்டு எடுப்பினம். 24 மணித்தியாலம் எண்டு இலக்கத்திலயே போடுங்கோ.

"கொதித்தாறிய" எண்டதும் எனக்குப் பிடிக்கேல்லை. படிச்சவைக்கு அது ஒரு சொல். மற்றவைக்கு "கொதிக்க வைத்து ஆற விட்ட தண்ணீர்" எண்டால்தான் என்ன செய்யவேணும் எண்டு தெரியும்.

ரூபன், தட்டாதெரு | ஜூலை 8, இரவு 8.00

24 எண்டு இலக்கத்தில போட்டால் என்ர நிரல் அதைச் சொல்லாகவே எண்ணாது ரீச்சர், `sol` தமிழ் எழுத்தை மட்டும்தான் பிடிக்குது. `[\u0B80-\u0BFF0-9]+` எண்டு மாற்றிவிடுறன். வேர்டில இருந்து பிரதி பண்ணினால் கண்ணுக்குத் தெரியாத `U+200C` சொல்லுக்கு நடுவில கிடந்து முறிக்கும், அதையும் முதலே அழிக்கவேணும்.

"கொதிக்க வைத்து ஆற விட்ட" எண்டால் ஒரு சொல் நாலாகும், முதல் வசனம் 9இல் இருந்து 12க்குப் போகும். நிலாவரையின்ர எல்லையில வந்து நிக்குது.

நிலாவரை | ஜூலை 8, இரவு 9.40

எனக்கும் இதில முடிவில்லை. "கொதித்தாறிய" தண்ணியின்ர நிலையைச் சொல்லுது, ரீச்சர் சொன்னது ஆர் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுது. அதைத் தனி வசனமாப் பிரிக்கலாம்: "தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள்." அதுக்குப் பிறகு கரைக்கிற வசனம். ஆனால் பிரிச்சால் ஒரு லீற்றரை எப்ப அளக்கிறது, கொதிக்க முன்னமோ ஆறின பிறகோ எண்டு ஒரு கேள்வி வரும். கொதிக்கேக்க தண்ணி வற்றும். கலா, மேசையில போத்தல் வைச்சுப் பார்க்கேக்க இரண்டு விதமாயும் எழுதிக் கொடுத்துப் பாருங்கோ.

கோண்டாவில் கலா | ஜூலை 9, காலை 6.30

"ஆறின தண்ணீரில் ஒரு லீற்றர் அளந்து எடுங்கள்" எண்டு இரண்டாவது வசனம் போட்டன். ஆறு சொல்தான். மற்ற மாதிரியையும் எடுத்து வைச்சிருக்கிறன். 750 போத்தல்தான் வீட்டில இல்லை, தேடுறன்.